ஏரியாவை எழுதிக் கேட்கும் ஏஜென்ட்

கேள்வி: ஐயா, களுவாஞ்சிகுடியில் வறுத்த சிவப்பரிசி மாவை ஒரு கிலோ பெக்கட்டாகப் போட்டு விற்கிறேன். அடக்கவிலை 246 ரூபாய். கல்முனை முதலாளி ஒருவர் எட்டு மாதமாக 300 ரூபாய் வீதம் மாதம் 2,500 பெக்கட் எடுக்கிறார். அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் 600 பெக்கட் வரை ஓட்டுகிறார். சாய்ந்தமருதில் ஒரு மொத்தக் கடைக்கு நானே 305 ரூபாய்க்குப் போடுகிறேன். இப்போது முதலாளி, அம்பாறை மாவட்டம் முழுவதையும் தனக்கு மட்டும் எழுதித் தரச் சொல்கிறார். 5 லட்சம் முற்பணம் தருவாராம், மாதம் 6,000 பெக்கட் எடுப்பாராம். எனக்கு எழுதிக் கொடுக்க மனமில்லை. மறுத்தால் விட்டுவிடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது. விற்பனைக்கு ஏற்றபடி ஏதாவது கூட்டிக் கொடுக்கலாமா? அவரிடம் எப்படிச் சொல்வது?
– களுவாஞ்சிகுடி வாசகி

அன்பின் சகோதரி,

எழுதிக் கொடுக்காதீர்கள். அதே நேரம் அவரை இழக்கவும் வேண்டாம். எட்டு மாதம் ஒழுங்காக மா எடுத்த ஒருவர் சும்மா கிடைப்பதில்லை.

முதலில் அந்த 5 லட்சத்தைப் பார்ப்போம். பெக்கட் 300 ரூபாய் என்றால் 5 லட்சத்துக்கு 1,666 பெக்கட். இன்றைக்கு அவர் எடுக்கும் வேகத்தில் அது 20 நாள் சரக்கு. 20 நாள் சரக்கின் காசை முன்னதாகத் தந்துவிட்டு, பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரைக்கும், உள்ளே சம்மாந்துறை, அம்பாறை நகர் வரைக்கும் எல்லாவற்றையும் தன் பெயருக்குக் கேட்கிறார். அதுவும் அவர் உங்களுக்கு இனாமாகத் தரும் காசு அல்ல. என்றைக்காவது மாவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் அது. முற்பணம் கையில் இருக்கும்போது விலையைக் கூட்டவும் முடியாது, இன்னொருவருக்குச் சரக்குக் கொடுக்கவும் முடியாது. ஆகவே அந்தக் காசைத் தொடாதீர்கள்.

6,000 பெக்கட் என்பதை அவர் மனதார நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய லொறி எந்தெந்த ஊருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது என்று கேட்டுப் பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கும், ஒரே நாளில் நிறையப் பில் போடலாம். அக்கரைப்பற்றைத் தாண்டினால் தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று தூரம் நீளும், கடைகள் ஐதாகும். டீசல் காசையும் பில் தொகையையும் ஒப்பிட்டால் எந்த முதலாளியும் அந்தப் பக்கம் மாதம் ஒருமுறைதான் போவார், சில மாதம் போகவே மாட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வியாபாரக் கணக்கு அப்படி. ஆனால் ஏரியா அவர் பெயரில் இருந்தால், அவர் போகாத ஊருக்கு உங்களாலும் போக முடியாது.

இது எனக்கு நேர்ந்தது. நான் ஒரு கம்பனிக்கு மட்டக்களப்பில் விற்பனை மேலாளராக இருந்தபோது, மாவட்டம் முழுவதையும் ஒரே ஆளுக்கு எழுதிக் கொடுத்தேன். நகரம், காத்தான்குடி, ஏறாவூர் என்று அவர் நன்றாகவே ஓடினார். மாத அறிக்கையும் அழகாக இருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்து, பாதைப் படகுக்குக் காத்திருக்காமல் படுவான்கரைக்கு வாகனம் போகக்கூடியதாக வந்த பிறகும் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒருநாள் கொக்கட்டிச்சோலையில் ஒரு கடைக்குப் போனேன். தட்டில் எங்கள் சாமான் ஒன்றுகூட இல்லை. எங்களுக்குப் போட்டியான கம்பனியின் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கடைக்காரர், "உங்கட ஆள் வந்து அஞ்சு மாசம் சேர், நான் என்ன செய்ய?" என்றார். இன்னொருவரை அனுப்பலாம் என்றால் கையெழுத்து வைத்த காகிதம் குறுக்கே நின்றது. அது முடியும் வரை பதினொரு மாதம் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு அந்தக் கடைகளைத் திருப்பி எடுக்க அதைவிட அதிக காலம் பிடித்தது.

சரி, இனி முதலாளியின் பக்கம். ஏரியா கேட்கும் ஒருவர் அநேகமாக ஏதோ ஒன்றுக்குப் பயந்துதான் கேட்கிறார். அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது, அதற்குக் காரணமும் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். கோபிக்காதீர்கள். அவருக்கு 300, சாய்ந்தமருது மொத்தக் கடைக்கு 305. முதலாளிக்கு லொறி இருக்கிறது, டிரைவர், சேல்ஸ் பையன், கடன் நிலுவை எல்லாம் இருக்கிறது. அவர் சில்லறைக் கடைக்கு 330 அளவில் கொடுத்தால்தான் கட்டுபடியாகும். மொத்தக் கடை 305க்கு வாங்கி 315க்கு விட்டால், பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் முதலாளியின் பையனைப் பார்த்து, "அங்க 315க்குக் கிடைக்குது, நீ 330 சொல்றாய்" என்று கேட்பார். அவர் உழைத்துப் பழக்கிய கடை அவருடைய கண் முன்னாலேயே கைவிட்டுப் போகிறது. அந்த எரிச்சல்தான் ஏரியா கேட்கும் பேச்சாக வெளியே வருகிறது.

அதனால் ஊக்கத்தொகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுமுன் இந்த விலையைச் சரி செய்யுங்கள். முதலாளி மொத்தக் கடைகளுக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்று கேட்டு, அந்த விலைக்குக் கீழே நீங்கள் ஒருபோதும் நேரடியாகக் கொடுக்காதீர்கள். 315 என்று வந்தால் சாய்ந்தமருதுக்கும் 315தான். மொத்தக் கடைக்காரர் முகம் சுளிப்பார், வாங்குவதையும் குறைப்பார், குறைக்கட்டும். இது சரியானாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது ஊக்கத்தொகை. நிறையப் பேர் தவறுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வழக்கமாகச் செய்வது இப்படி: மாதம் 4,000 பெக்கட் வரை எடுத்தால் 3 வீதம், 4,000ஐத் தாண்டினால் மொத்தத் தொகைக்கும் 5 வீதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மாதக் கடைசியில் என்ன நடக்கும் என்று பாருங்கள். 28ஆம் தேதி அவர் 3,700 பெக்கட்டில் நிற்கிறார். அப்படியே நின்றால் அவருக்குக் கிடைப்பது 33,300 ரூபாய். இன்னும் 301 பெக்கட் எடுத்து 4,001 ஆக்கினால் மொத்தத்துக்கும் 5 வீதம், அதாவது 60,015 ரூபாய். 301 பெக்கட்டால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 26,715 ரூபாய். பெக்கட்டுக்கு 88 ரூபாய்க்கு மேல். 300 ரூபாய்க்கு வாங்கிய மாவை அவர் 250க்குத் தள்ளினாலும் லாபம்தான். தன் கடைகளில் அந்த விலைக்குக் கொடுத்தால் அடுத்த மாதம் அவருக்கே கஷ்டம் என்பதால், தூரத்து மொத்தக் கடையில் கொண்டுபோய்க் கொட்டுவார். அது ஏறாவூரில் வந்து விழலாம், உங்கள் களுவாஞ்சிகுடிச் சந்தையிலேயே வந்து விழலாம். உங்கள் மாவே உங்களுக்குப் போட்டியாக, உங்கள் விலையைவிட 50 ரூபாய் குறைவாக நிற்கும். கொட்டாவிட்டால் அவருடைய ஸ்டோரில் கிடக்கும். மார்கழி மழையில் ஈரம் ஏறி, வண்டு பிடித்து, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும்.

இதற்கு மருந்து எளிது. கூடுதல் வீதம் மொத்தத்துக்கும் அல்ல, அந்தப் படிக்குள் வரும் பெக்கட்டுக்கு மட்டும் என்று வையுங்கள். இன்றைய 2,500 பெக்கட்டுக்கு விலை அப்படியே 300, ஊக்கத்தொகை இல்லை. 2,501 முதல் 4,000 வரையுள்ள பெக்கட்டுக்கு 3 வீதம், அதாவது தலா 9 ரூபாய். 4,001 முதல் 6,000 வரை 5 வீதம், தலா 15 ரூபாய். அதற்கு மேல் 6 வீதம், தலா 18 ரூபாய். அதே 28ஆம் தேதி, அதே 3,700 என்று வைத்துப் பாருங்கள். 301 பெக்கட் கூட எடுத்தால் அவருக்கு வருவது 2,715 ரூபாய், பெக்கட்டுக்கு 9 ரூபாய்தான். 250க்குக் கொட்டும் ஆசை அங்கே எழாது. விற்க முடிந்ததை மட்டும் எடுப்பார்.

உங்களுக்கு இது கட்டுமா? அவர் 5,000 பெக்கட் எடுக்கும் மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். நடுப்படியில் 1,500 பெக்கட்டுக்கு 13,500, அடுத்ததில் 1,000 பெக்கட்டுக்கு 15,000, மொத்தம் 28,500 ரூபாய். பெக்கட்டுக்கு உங்கள் மிச்சம் 54 ரூபாய், கூடுதலாகப் போன 2,500 பெக்கட்டில் வந்தது 1,35,000. அதிலிருந்து 28,500 கொடுப்பது தாங்கும். அவர் 2,500லேயே நின்றால் ஒரு சதமும் போகாது. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: நீங்கள் சொன்ன 246இல் கல்முனை வரை கொண்டுபோய் இறக்கும் செலவும், திரும்பி வரும் பழுதான பெக்கட்டின் நட்டமும் சேர்ந்திருக்கிறதா? சேரவில்லை என்றால் 54 என்பது உண்மையில் 45 ஆகவோ 40 ஆகவோ இருக்கும். அப்போது மேல்படி 6 வீதத்தை 5இல் நிறுத்துங்கள்.

விற்பனைத் தொகையை மட்டும் பார்த்துக் கொடுத்தால் அவர் கிடைக்கும் பெரிய கடைகளையே சுற்றுவார். உங்களுக்கு வேண்டியது புதிய கடைகளும் கைக்கு வரும் காசும். அதனால் இரண்டு சின்னத் தொகைகளைச் சேருங்கள். புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு கடைக்கும் 150 ரூபாய், ஆனால் அந்தக் கடைக்கு மூன்றாவது பில் போட்ட பிறகுதான். முதல் பில்லை யாரும் கெஞ்சிப் போட்டுவிடலாம், மூன்றாவது பில் என்றால் அந்தக் கடையில் மா உண்மையாகவே விலைப்படுகிறது என்று அர்த்தம். இந்த 150ஐ முதலாளிக்குத் தெரியப்படுத்தியே லொறியில் போகும் சேல்ஸ் பையனுக்குக் கொடுங்கள். கடை வாசலில் உங்கள் மாவை இறக்குவதா, மற்றவருடையதை இறக்குவதா என்று தீர்மானிப்பவர் அவர்தான். முதலாளிக்குக் கொடுக்கும் வீதம் அவர் கைக்கு வருவதே இல்லை.

அடுத்தது, 14 நாளுக்குள் முழுக் காசும் வந்த பில்லுக்கு 1 வீதம். 30 நாள் தாண்டிய பில்லின் பெக்கட் எந்தப் படியிலும் எண்ணப்படாது. செக் திரும்பினால் அந்த மாதம் ஊக்கத்தொகை இல்லை. இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். 5,000 பெக்கட் என்றால் 15 லட்சம் ரூபாய் வெளியே நிற்கிறது. அந்தப் பணம் ஒரு மாதம் தாமதித்தால் உங்களால் நெல் வாங்க முடியாது. திரும்பி வரும் பெக்கட்டை எப்போது வந்தாலும் எண்ணிக்கையிலிருந்து கழியுங்கள். ஊக்கத்தொகையைக் காசாகக் கொடுக்காமல், அடுத்த பில்லில் கழிக்கும் கிரெடிட் நோட்டாகக் கொடுங்கள்.

நோன்பு மாதத்தையும் மறக்காதீர்கள். அந்த மாதம் கல்முனைப் பக்கம் மா தானாகவே ஓடும், யாரும் முயற்சி எடுக்காமலே 4,000 தாண்டலாம். அந்த மாதத்துக்கு மட்டும் படிகளை மேலே தூக்கி வைத்து, அதை அவருடன் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நோன்பு ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகர்ந்து வருவதால், போன வருடத்து மார்ச்சை வைத்து இந்த வருடத்து மார்ச்சை அளக்கவும் முடியாது.

அவருடைய நியாயமான பயத்துக்கு இன்னும் ஒன்று கொடுக்கலாம், ஏரியாவை அல்ல, கடையை. அவர் திறந்த கடைகளின் பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கடைகளுக்கு ஒரு வருடத்துக்கு நீங்கள் நேரடியாகப் போடமாட்டீர்கள், அக்கரைப்பற்றுத் தம்பியும் போகமாட்டார். ஒரே நிபந்தனை, 45 நாளைக்குள் ஒரு பில்லாவது விழ வேண்டும். விழாத கடை கொப்பியிலிருந்து எடுபடும். தம்பி இன்று போகும் கடைகளும் அதே கொப்பியில் தம்பியின் பெயரில் இருக்கும். தம்பிக்கும் இதே படிகள்தான், ஆனால் அவருடைய 600இலிருந்து தொடங்கும். மோட்டார் சைக்கிளில் திருக்கோவில் வரை போகும் ஒரு பையனை முதலாளியின் எண்ணிக்கையால் அளக்கக்கூடாது.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். போனில் சொல்லாதீர்கள். பின்னேரம் கடை ஓய்ந்த நேரம் பார்த்து, கணக்கெழுதிய தாளோடு கல்முனைக்குப் போங்கள். முதலில் மொத்தக் கடை விலையைச் சரி செய்ததைச் சொல்லுங்கள். பிறகு, "முதலாளி, ஏரியா கேட்டதுக்கு என்ன காரணம்? எந்தக் கடை கைவிட்டுப் போச்சு?" என்று கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். அவர் பெயர் சொல்லும் கடைகளை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், கொப்பியின் முதல் பக்கம் அதுதான். பேசி முடித்த பிறகு நேராகச் சொல்லுங்கள்: "ஏரியாவை எழுதித் தர என்னால ஏலாது முதலாளி. யாருக்கும் எழுதிக் குடுக்கமாட்டன், நாளைக்கு இன்னொராள் வந்து கேட்டாலும் இதே பதில்தான். ஆனா நீங்க உழைச்ச கடை உங்களுக்குத்தான். கூட வித்தா கூடக் கிடைக்கும், இந்தா கணக்கு."

"யாருக்கும் எழுதிக் கொடுக்கமாட்டேன்" என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். அவருக்கு உங்கள்மேல் உள்ள கோபத்தைவிட, இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவீர்களோ என்ற பயம்தான் பெரிது. "இப்போதைக்கு இல்லை", "பிறகு பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மரியாதைக்குச் சொல்லும் அந்த வார்த்தை ஆறு மாதம் கழித்து வாக்குறுதியாகத் திரும்பி வரும்.

அவர், "அப்ப நான் வேற மா போடுறன் மகள்" என்று சொல்லக்கூடும். அதற்குப் பதறி அந்த இடத்திலேயே வீதத்தைக் கூட்டாதீர்கள். "மூணு மாசம் இந்தக் கணக்கில ஓடிப் பாருங்க, சரிவராட்டி திரும்பப் பேசுவம்" என்று சொல்லிவிட்டுத் தாளை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அவரிடம் இன்னொரு மா ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் ஸ்டோரை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அவர் ஏரியா கேட்டதற்கு வேறொரு அர்த்தம் வந்துவிடும்: உங்கள் மாவை ஒரு மூலையில் அடுக்கி வைத்துவிட்டு, மற்றதை ஓட்டுவதற்கும் அந்தக் காகிதம் உதவும்.

மறுநாள் இரண்டு பந்தியில் ஒரு கடிதம் அனுப்புங்கள், இப்படி இருந்தால் போதும்:

"அன்பின் முதலாளி அவர்களுக்கு, நேற்றுப் பேசியபடி, அம்பாறை மாவட்டத்திலோ அதன் எந்தப் பகுதியிலோ எங்கள் மாவுக்குத் தனி ஏஜென்சி எவருக்கும் வழங்கப்படவில்லை, வழங்கப்படவும் மாட்டாது. உங்கள் பெயரில் பதிந்த கடைகளுக்கு, 45 நாளுக்கு ஒரு பில்லாவது இருக்கும்வரை, ஒரு வருடத்துக்கு நாங்களோ எங்கள் மற்ற விநியோகஸ்தரோ விற்பனை செய்யமாட்டோம்.

ஊக்கத்தொகைப் படிகள் இணைப்பில் உள்ளன. அவை அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குச் செல்லும். அதன்பின் இருவரும் பேசிப் புதுப்பிக்கலாம்."

கடிதத்தின் பிரதியில் அவருடைய கையெழுத்தை வாங்கி வையுங்கள். அத்தோடு அவருடைய கடைப் பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்ட், பில் புத்தகம் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். "ஏக விநியோகஸ்தர்" என்று எங்காவது அடித்திருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். அக்கரைப்பற்றுத் தம்பிக்கும் அது பில்லோடு போய்ச் சேரும்.

ஏரியா கொடுப்பது எப்போதுமே பிழை என்று நான் சொல்லவில்லை. அம்பாறை நகர், உகண பக்கம் சிங்களத்தில் பேசி விற்கக்கூடிய ஒருவர், உங்கள் மாவுக்கென்றே புதிதாக ஒரு வாகனமும் ஆளும் போட முன்வந்தால், அந்தப் பகுதியை மட்டும் ஆறு மாதத்துக்குக் கொடுக்கலாம். மாதம் இவ்வளவு பெக்கட் என்று எழுதி, இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் உரிமை தானாக முடியும் என்றும் எழுத வேண்டும். உங்கள் முதலாளி இதில் எதையும் புதிதாகப் போடவில்லை. ஏற்கெனவே ஓடும் லொறியில் உங்கள் மாவையும் ஏற்றிக்கொண்டு போகிறார்.

முதல் மூன்று மாதக் கணக்கு வந்ததும் பெக்கட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மாதக் கடைசி ஐந்து நாளில் எத்தனை பெக்கட் எடுத்தார் என்று தனியாகக் கூட்டிப் பாருங்கள். மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஐந்து நாளில் போயிருந்தால் சரக்கு எங்கோ குவிகிறது. அப்போது ஒருநாள் நீங்களே பஸ் ஏறி நிந்தவூர் வரை போய், பத்துக் கடையில் பெக்கட்டின் பின்பக்கத் திகதியைப் பாருங்கள்.